வாட்சப் சண்டை ஸ்கிரீன்ஷாட்டை எங்கிருந்து படிப்பது?

"குடும்பக் குழுவில் நடந்த சண்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயர்களை மங்கலாக்கி, ஜோக்காக அனுப்புகிறார்கள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நானும் மேலிருந்து கீழே வரை படித்துவிட்டேன், எங்கே சிரிப்பது என்றே தெரியவில்லை. ஏதோ ஒரு பதிலில்தான் இருக்கிறது என்கிறார்கள். எந்தப் பதில், எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் மெசேஜுக்குள் மெசேஜ் இருக்கும் இடத்தைத் தேடுங்கள். ஒருவர் பழைய மெசேஜ் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பதில் எழுதினால், அவர் பதிலின் தலையில் அந்தப் பழைய மெசேஜ் ஒரு சின்னப் பெட்டியாக ஒட்டிக்கொண்டு வரும். அதை உள்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை ஜோக்குகளில் பெரும்பாலும் உயிர் அங்கேதான் இருக்கும். எழுதிய பதில் சாதாரண வாக்கியமாக இருக்கும், எந்தப் பழைய மெசேஜுக்குப் பதில் என்பதில்தான் சிரிப்பு. மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் படிக்கிறவர், ஒவ்வொரு மெசேஜும் தனக்கு நேர் மேலே உள்ளதற்குப் பதில் என்று எடுத்துக்கொள்வார். அங்கேதான் ஜோக் நழுவிப்போகிறது.

நான் கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். குடும்ப வழக்குகளில் வரும் வாட்சப் உரையாடல்களைத் தமிழிலிருந்து மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் வரிவரியாக மாற்றிக் கொடுப்பது என் பாடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் "சரி, அப்படியே செய்ங்க" என்ற ஒரு பதிலை, அதற்கு மேலே இருந்த மிரட்டலுக்குக் கொடுத்த சம்மதம் போல மொழிபெயர்த்துவிட்டேன். உண்மையில் அது இரண்டு பக்கம் முன்னால் வந்திருந்த, பள்ளிக் கட்டணம் பற்றிய மெசேஜுக்குப் பதில். உள்பெட்டி கண்ணெதிரே இருந்தும் நான் பார்க்கவில்லை. ஒரு மனிதரின் பெயரே கெட்டிருக்கும். அன்றிலிருந்து, ஜோக்காக வந்த ஸ்கிரீன்ஷாட்டைக்கூட நான் அதே முறையில்தான் படிக்கிறேன்.

ஒன்றை முழுக்கப் படித்துக் காட்டினால் எளிதாகப் புரியும். நம் ஊர்க் குடும்பக் குழுக்களில் வருகிற மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம், வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் காய்ச்ச வேண்டும், வீட்டுப் பெரிய அண்டாவைக் காணோம்.

படத்தின் உச்சியில் காலை 7:12க்கு ஒரு புகைப்படம்: துளசிச் செடி, கீழே "இன்னிக்குப் பூத்திருக்கு". அனுப்பியவர் பெயர் மங்கல், ஆனால் அந்த மங்கல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. நடுவில் இரண்டு காலை வணக்கப் படங்கள். 11:05க்கு நீல நிறப் பெயர்க்காரர் ஆங்கில எழுத்தில் `anda yaar kitta irukku?` என்று கேட்கிறார். "வெள்ளிக்கிழமை வேணும் அக்கா, எங்க வீட்டுக்காரர் வேன்ல வந்து எடுத்துக்குவார்" என்று அடுத்த வரி. 11:09க்கு ஆரஞ்சு: "என்கிட்ட இல்ல. போன வருஷம் கிள்ளான்காரங்க தூக்கிட்டுப் போனாங்க." 11:14க்கு ஊதா: "அன்னைக்குச் சாயங்காலமே திருப்பிக் குடுத்துட்டோம் அண்ணி." ஆரஞ்சு விடவில்லை, அடுத்தடுத்து நான்கு மெசேஜ். "யார்கிட்ட குடுத்தீங்க?" "எத்தனை மணிக்கு?" "யார் வாங்கிக்கிட்டா?" "பேர் சொல்லு." நீலம் நடுவில் வந்து "நம்ம அம்மா வாங்கின அண்டா, இதுக்குப் போய்ச் சண்டையா" என்கிறார். 11:31க்கு ஆரஞ்சு: "அம்மா சாமான ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போனா எப்படி." அந்த மெசேஜின் ஓரத்தில் Edited என்று இருக்கிறது. 11:44க்கு ஊதா ஏதோ எழுதி அழித்திருக்கிறார், அழித்த தடம் மட்டும் நிற்கிறது. அதன் பிறகு ஒன்றுமில்லை. 12:20க்கு வலது பக்கம் பச்சைப் பெட்டியில் ஒரே ஒரு பதில்: "அத்தை, துளசி நல்லா வந்திருக்கு. எதுல நட்டிருக்கீங்க?" 12:58க்கு ஆரஞ்சு: "வெள்ளிக்கிழமை எல்லாரும் சாப்பிட வந்துடுங்க."

கடைசி வரியில் முடிகிறது என்பதால், முதல்முறை படிக்கிறவர் அங்கேதான் சிரிக்க வேண்டும் என்று நினைப்பார். அல்லது 12:20 மெசேஜை, சண்டை நடுவே சமாதானத்துக்காகப் பேச்சை மாற்றும் பிள்ளை என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் இல்லை. அந்தப் பச்சைப் பெட்டியின் உள்பெட்டியைப் பாருங்கள். இடது ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு, வலது மூலையில் நகத்தளவு துளசிப் படம். இப்போது உச்சிக்குப் போய் அந்தப் புகைப்படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குங்கள். செடியைப் பார்க்காதீர்கள், செடி எதில் நிற்கிறது என்று பாருங்கள். அலுமினிய விளிம்பு, இரண்டு பக்கமும் தூக்குவதற்கான வளையம், ஒரு வளையத்தில் பழைய மஞ்சள் துணி முடிச்சு. கூழ் அண்டாவில்தான் துளசி பூத்திருக்கிறது. அதைக் காலையில் குழுவில் போட்டவரே பகலில் கிள்ளான்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்தவர்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று விஷயம் கைகொடுத்தது: உள்பெட்டி, நிறம், நேரம். அதில் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெயர் மங்கிய படத்தில் ஆளை அடையாளம் வைத்துக்கொள்ள அதுதான் முதல் வழி.

வாட்சப் குழுவில் ஒவ்வொருவர் பெயரும் ஒரு நிறத்தில் வரும். ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் ஒரே ஆளுக்கு ஒரே நிறம்தான். பெயரைத் தேய்த்து மங்கலாக்கினாலும் நிறம் கசிந்து நிற்கும். உள்பெட்டியின் ஓரக் கோடும், யாருடைய மெசேஜைப் பிடித்திழுத்தார்களோ அவருடைய நிறத்தில் இருக்கும். ஆகவே பெயரே தெரியாமல் "ஆரஞ்சு சொன்னது, ஊதா சொன்னது" என்று மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டு படித்தால் போதும். நான் வேலையில் காகிதத்தில் அப்படித்தான் ஆ, ஊ, நீ என்று எழுதிக்கொண்டு தொடங்குவேன். பெரிய குழுவில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி நிறம் விழலாம், அப்போது நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இன்னொரு கஷ்டம், அனுப்புகிறவர் எல்லாப் பெயர் மீதும் ஒரே கறுப்புப் பட்டை போட்டுவிடுவது. மேலே சொன்ன அண்டாக் கதையில் ஆரஞ்சையும் ஊதாவையும் கறுப்பால் மூடிவிட்டால், துளசி போட்டவரும் சண்டை போட்டவரும் ஒருவரே என்பது தெரியாது. ஜோக் அங்கேயே செத்துப்போகும். உங்களுக்குப் புரியாததற்குக் காரணம் சில சமயம் நீங்கள் இல்லை, பட்டை போட்டவர்தான்.

ஒருவர் தொடர்ந்து எழுதினால் பெயர் முதல் மெசேஜின் தலையில் மட்டும் வரும், அடுத்தவற்றில் வராது. ஆரஞ்சு வரிசையாகக் கேட்ட நான்கு கேள்வியில் முதலாவதில் மட்டுமே ஆரஞ்சு மங்கல் இருக்கும். இது தெரியாதவர் மற்ற மூன்றையும் வேறு யாரோ எழுதியதாக எடுத்துக்கொள்வார், ஒரு ஆள் கோபத்தில் நான்கு முறை தட்டியது நான்கு பேர் சேர்ந்து தாக்கியது போல ஆகிவிடும். இதே விதியைத் திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சாவி கிடைக்கும். படத்தின் உச்சியில் இருக்கும் முதல் மெசேஜ் இடது பக்கத்தில் இருந்தும் அதன் தலையில் பெயர்ப் பட்டையே இல்லை என்றால், அந்த ஆள் அதற்கு முன்பே ஏதோ சொல்லத் தொடங்கியிருக்கிறார், அதை வெட்டிவிட்டார்கள். வெட்டப்பட்ட வரியில் என்ன இருந்தது என்று கேட்காமல் அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

வலது பக்கப் பச்சைப் பெட்டிக்குப் பெயரே வராது, அது ஸ்கிரீன்ஷாட் எடுத்தவருடையது. இது முக்கியம். வலது பக்கம் காலியாக இருந்தால், எடுத்தவர் வேடிக்கை பார்த்தவர். அண்டாக் கதை போலக் கடைசி அடியே பச்சையில் வந்தால், எடுத்தவர் தன் வெற்றியைத் தானே எடுத்துக் காட்டுகிறார். அதில் தப்பில்லை, ஆனால் தன்னைக் குறைத்துக் காட்டும் வரியை அவர் வெட்டியிருக்க வாய்ப்பு அதிகம். நீலக் குறி, இரட்டை டிக் எல்லாம் இந்தப் பச்சைப் பெட்டியில் மட்டுமே வரும். இடது பக்கத்து மெசேஜில் டிக் தெரிகிறதா? அது யாரோ செயலியில் உட்கார்ந்து செய்த போலி. அதற்கு மேல் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நேரத்தைப் படிப்பது எளிது, ஆனால் பலர் படிப்பதே இல்லை. 11:44க்கும் 12:20க்கும் நடுவே முப்பத்தாறு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. இந்த மௌனம் இல்லாவிட்டால் 12:20 பதிலுக்குப் பாதி வலுதான். ஒருவர் அந்த முப்பத்தாறு நிமிடத்தில் மேலே போய்க் காலையில் வந்த படத்தைத் தேடி எடுத்திருக்கிறார். அப்புறம் 12:20க்கும் 12:58க்கும் நடுவே இன்னொரு முப்பத்தெட்டு நிமிடம். அது ஆரஞ்சு அத்தை பதில் யோசித்த நேரம். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதால்தான் "எல்லாரும் சாப்பிட வந்துடுங்க" என்ற சாதாரண அழைப்பு, அண்டா கிடைத்துவிட்டது என்ற ஒப்புதலாக மாறுகிறது. அந்த வரியும் அழகானதுதான், ஆனால் அது சிரிப்பின் வால், தலை 12:20.

Edited என்ற சொல்லையும் அழித்த தடத்தையும் பார்த்தவுடன் நிறையப் பேர் கற்பனையை ஓட்டிவிடுவார்கள். அனுப்பிய மெசேஜைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம் என்று 2023இல் வாட்சப் வசதி கொடுத்தது. என்ன திருத்தினார் என்று ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாது. எழுத்துப் பிழையாகவே இருக்கலாம். ஊதா அழித்தது என்ன என்பதும் தெரியாது. அவர் எழுதிவிட்டு அடக்கிக்கொண்டார் என்பது மட்டும் தெரிகிறது, அதற்கு மேல் நாம் எழுதினால் அது நம் கதை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அழிப்பதற்கு முன் யாராவது அதைப் பிடித்திழுத்துப் பதில் எழுதியிருந்தால், அழித்த வாசகம் அந்தப் பதிலின் உள்பெட்டியில் மிஞ்சி நிற்கலாம். அப்படி மிஞ்சியதே ஜோக்காக வரும் படங்களும் நிறைய. இன்னொன்று, "இன்னார் வெளியேறினார்" என்ற சாம்பல் வரியோடு முடியும் படங்கள். 2022இலிருந்து ஒருவர் சத்தமில்லாமல் வெளியேறலாம், அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். ஆகவே அந்த வரி இருந்தால் படம் அதற்கு முந்தையதாக இருக்கலாம், அல்லது எடுத்தவர் அட்மினாக இருக்கலாம்.

இப்போது நம் பக்கத்து விஷயம். தமிழ்க் குடும்பச் சண்டையில் பெயரை எவ்வளவு மங்கலாக்கினாலும் முறைப்பெயர் மங்காது. ஊதா "அண்ணி" என்கிறார், பச்சை "அத்தை" என்கிறார், நீலம் "அக்கா" என்கிறார், மூவரும் பேசுவது ஆரஞ்சிடம். நீலம் "நம்ம அம்மா" என்று சொல்கிறார், "எங்க வீட்டுக்காரர்" என்றும் சொல்கிறார். ஆகவே அவர் ஆரஞ்சின் தங்கை, அவர் பிள்ளைகள் ஆரஞ்சைப் பெரியம்மா என்பார்கள். அத்தை என்று கூப்பிடும் பச்சை பெரும்பாலும் தம்பி வீட்டுப் பிள்ளை. கணவரின் அக்காவையும் அண்ணி என்பதுண்டு, ஆகவே ஆரஞ்சை அண்ணி என்கிற ஊதா அந்தத் தம்பியின் மனைவி. ஊதா எழுதி அழித்தார், பிறகு அவர் பிள்ளை வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டது. அம்மாவுக்காக ஒரு வார்த்தைகூட வாதாடாமல், "நல்லா வந்திருக்கு" என்று பாராட்டித் தொடங்கி, "நட்டிருக்கீங்க" என்று மரியாதை கெடாமல் கேட்டது. படத்தின் மிக நல்ல பகுதி எனக்கு இதுதான், பெயர் தெரிந்திருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

மரியாதை விகுதியையும் கவனியுங்கள். ஆரஞ்சு "குடுத்தீங்க" என்று தொடங்கி நான்காவது மெசேஜில் "பேர் சொல்லு" என்று இறங்குகிறார். சண்டை முற்றிய இடம் அதுதான், ஆச்சரியக்குறி ஒன்றுமே தேவையில்லை. மலேசியாவில் வேறொரு திருப்பமும் உண்டு. தமிழில் தட்டிக்கொண்டிருந்த மாமா திடீரென முழு வாக்கிய ஆங்கிலத்துக்கோ, அரசாங்கக் கடித மலாய்க்கோ தாவினால் கோபம் உச்சிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பதிலுக்கு யாராவது "ஓகே லா" என்று மட்டும் சொன்னால், சொல்லாத எல்லாம் அந்த "லா"வில் இருக்கும்.

ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் படிக்கிறவரை ஏமாற்றும். `anda` என்பதைப் பாருங்கள். அண்டா என்றும் படிக்கலாம், அந்த என்றும் படிக்கலாம், மலாயில் அது நீங்கள். 11:05 கேள்வியை "அந்த யார்கிட்ட இருக்கு" என்று படித்தவருக்கு, எது காணாமல் போனது என்றே புரியாமல் போகும், கடைசி வரை எதற்கு இந்தக் கூச்சல் என்று முழிப்பார். குழப்பம் வந்தால் அந்தச் சொல்லை வாய்விட்டு இரண்டு விதமாகச் சொல்லிப் பாருங்கள், வாக்கியத்தில் எது உட்காருகிறதோ அதுதான். சண்டைக்குக் காரணமான பொருளின் பெயர் புரியாமல் போனால், உள்பெட்டியில் துளசியைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாது.

கைபேசியில் படம் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான ஸ்கிரீன்ஷாட் முன்னோட்டத்தில் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத்தான் தெரியும், தொட்டுத் திறந்தால்தான் முழுதும் வரும். அண்டாக் கதையில் உச்சியில் இருக்கும் புகைப்படமே வெட்டுப்பட்டிருக்கும், அது இல்லாமல் ஒன்றுமே இல்லை. மூன்று நான்கு படமாக வந்தால் வந்த வரிசையை நம்பாதீர்கள், மெசேஜ் நேரத்தை வைத்து நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு படத்தின் கடைசி மெசேஜ் அடுத்த படத்தின் உச்சியில் மறுபடி வந்தால் நடுவில் எதுவும் விடுபடவில்லை. வராவிட்டால் அங்கே ஏதோ இல்லை.

நீங்களும் இப்படி ஒன்றை அனுப்ப நினைத்தால் ஒரு வேண்டுகோள். மங்கலாக்குகிறவர்கள் தலைப்பெயர்களை மட்டும் மூடிவிட்டு, உள்பெட்டிக்குள் இருக்கும் அதே பெயரை விட்டுவிடுகிறார்கள். @ போட்டுக் கூப்பிட்ட பெயர், மேலே குழுவின் பெயர், முகப்புப் படம், சேமிக்காத ஆளின் +60 எண், இவையும் அப்படியே நிற்கும். ஹைலைட்டர் பேனாவால் நாலு தடவை தேய்த்தால் கறுப்பாகத் தெரிந்தாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் பெயர் மேலே வந்துவிடும். அடர்த்தியான ஒரு பட்டையை ஒட்டுங்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறத்தில் ஒட்டுங்கள். அப்போது ஆளும் பத்திரமாக இருப்பார், ஜோக்கும் பிழைக்கும். துளசி அத்தையின் வீட்டுக் கதவு எண் அந்தப் புகைப்படத்தின் பின்னால் தெரிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

அடுத்து ஒரு படம் வந்தால், உள்பெட்டி இருக்கும் பதிலில் விரலை வைத்து, அதன் ஓரக் கோட்டின் நிறத்தை மேலே தேடிப் போங்கள். அதே நிறம் வேறெங்கே பேசியிருக்கிறது என்று பாருங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் அனுப்பியவரிடம் "எது ஜோக்?" என்று கேட்காதீர்கள், "எந்த மெசேஜுக்கு இது ரிப்ளை?" என்று கேளுங்கள். அவர் அந்தப் பழைய மெசேஜைக் காட்டும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.